பெட்டிக்கு முன்னால் நின்றுபோன கால்கள்: ஸ்குவாட் வால்ட் கற்றுக்கொடுத்த ஒரு பருவத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

குடமுருட்டிப் பாசனத்தில் உள்ள ஓர் ஊரின் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியர். எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலிருந்து 14 பிள்ளைகள் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுக்கொள்ள முன்வந்தார்கள். 8 பையன்கள், 6 பெண்கள். உருளல், கைநிற்றல் வரை ஓரளவு வந்துவிட்டது. ஜூலை முதல் வாரத்தில் பெட்டியைத் தாண்டும் ஸ்குவாட் வால்ட்டைத் தொடங்கினோம். ஓடிவந்து, ஒற்றைக் காலில் உந்தி, இரண்டு காலையும் சேர்த்து ஸ்பிரிங் போர்டில் பதித்து எழும்பி, பெட்டிமேல் கை ஊன்றி, மடக்கிய முழங்கால்களை இரண்டு கைக்கும் நடுவே கொண்டுபோய் அந்தப் பக்கம் நின்று இறங்குவதுதான் அது. காலாண்டுத் தேர்வு தொடங்கும்வரை, வாரம் இரண்டு நாள், மாலை நான்கு மணிக்குப் பயிற்சி.

எங்கள் பெட்டி பழைய மரப்பெட்டி. மேலே மெத்தை வைத்த அடுக்கோடு சேர்த்து இரண்டு அடுக்கு வைத்தால் 60 செ.மீ., மூன்று வைத்தால் 80, நான்கு வைத்தால் 100. பிள்ளைகள் தாண்ட வேண்டியது குறுகிய அகலத்தை என்பதால் பெட்டியைக் குறுக்கேதான் போட்டோம். ஸ்பிரிங் போர்டு இன்னும் வேலை செய்தது. தேங்காய் நார் மேட் இரண்டு, அவற்றின் மேல் ஒரு ஃபோம் மேட். மேட் விலகாமலிருக்க இரண்டையும் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். வைக்கோலைச் சாக்கில் அடைத்துப் போடலாமே என்று ஊரில் ஒருவர் யோசனை சொன்னார், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். வைக்கோல் ஒரு பக்கம் அமுங்கும், ஒரு பக்கம் மேடாக நிற்கும். இறங்கும் கணுக்கால் மடங்கிவிடும் என்று வேண்டாமென்றேன்.

தரை மண்தரை. ஓடுவது வெறுங்காலில். இந்தத் தகவல் பின்னால் உதவும்.

முதல் மூன்று வாரம்: நான் செய்தது

எனக்குச் சொல்லித்தந்த வரிசையிலேயே நானும் போனேன். முதல் நாளே பெட்டியை வெளியே எடுத்துவிட்டேன். பெட்டிமேல் கை வைத்து முழங்கால் போட்டு ஏறுவது, பிறகு குத்துக்காலிட்டு ஏறுவது, ஏறி நின்று குதித்து இறங்குவது, கடைசியாக முழுதாகத் தாண்டுவது. இந்த வரிசையில் குறையில்லை. ஓட்டத்துக்கு நான் ஒதுக்கிய நேரம்தான் குறை. ஓடிவருவது எல்லாருக்கும் தெரிந்த காரியம்தானே என்று நினைத்துவிட்டேன். போர்டிலிருந்து 12 மீட்டர் தள்ளிச் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டு, எல்லாரையும் அங்கிருந்தே ஓடச் சொன்னேன். போர்டுக்கும் பெட்டிக்கும் இடையில் 40 செ.மீ. விட்டேன். கை எட்டட்டும் என்ற எண்ணம்.

இரண்டாவது வாரத்திலேயே ஐந்து பையன்கள் இரண்டு அடுக்கைத் தாண்டிவிட்டார்கள். அவர்களைப் பார்த்து நான் சமாதானமாகிவிட்டேன். அந்த ஐந்து பேரும் உயரமும் துணிவும் உள்ளவர்கள். எப்படி ஓடிவந்தாலும் தாண்டியிருப்பார்கள். மற்ற ஒன்பது பேரில் சிலர் போர்டில் ஒற்றைக் காலை வைத்துத் தாவினார்கள். சிலர் போர்டுவரை வந்து குறுங்கால் போட்டுத் தடுமாறினார்கள். ‘பழகிவிடும்’ என்று அப்போது டைரியில் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றும் அப்போது என் கண்ணில் பட்டது, ஆனால் பொருள் புரியவில்லை. வகுப்பிலேயே நீளம் தாண்டுதலில் நல்லவனான ஒன்பதாம் வகுப்புப் பையன்தான் இங்கே மோசமாகத் தடுமாறினான். அவன் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் இரண்டு வாய்க்கால். ஜூன் மாதம் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால் பாலத்துக்குச் சுற்றிப்போகாமல் தாண்டித்தான் வருவான். வாய்க்காலைத் தாண்டுபவன் கரைக்கு அருகில் வந்ததும் கால்களைச் சின்னச்சின்னதாக வைத்து இடம் பார்த்துக்கொள்வான், பிறகு ஒற்றைக் காலில் உந்துவான், அந்தப் பக்கம் ஒற்றைக் காலிலேயே இறங்குவான். நீளம் தாண்டுதலிலும் உந்துவது ஒற்றைக் காலில்தான். ஆக, வருடக்கணக்காக ஊறிப்போன பழக்கம். நான் கேட்டதோ அதற்கு நேர்மாறு.

கால் தட்டிய நாள்

மூன்றாவது வாரக் கடைசியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூன்று அடுக்கை முயன்றாள். இரண்டு அடுக்கில் என் பிடியோடு ஏழெட்டு முறை தாண்டியிருந்தாள். இறங்கும் பக்கம், பெட்டியை ஒட்டி நான் நின்றேன். ஒரு கையால் அவள் மேற்கையையும் மறுகையால் மணிக்கட்டுக்கு மேலேயும் பிடிப்பது வழக்கம். எதிர்ப்பக்கம் ஒரு ஆசிரியை. பெண் பிள்ளைகளுக்குப் பிடி கொடுக்கும்போது கூட ஒரு ஆசிரியை இருக்க வேண்டும், எங்கே பிடிப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே முடிவுசெய்திருந்தோம்.

அவள் ஓடிவந்தாள். போர்டுக்கு முன்னால் இரண்டு குட்டி அடி. கை பெட்டியில் பட்டது, ஆனால் இடுப்பு தோள் உயரத்துக்கு எழவில்லை. முழங்கால் உள்ளே வந்தது, கால்விரல்கள் மெத்தையின் விளிம்பில் தட்டின. உடம்பு தலைக்குப்புற முன்னால் போனது. நாங்கள் இரண்டு பேரும் மேற்கையை விடாமல் பின்னால் நகர்ந்ததால் தலை இறங்கவில்லை, முழங்காலில் மேட்டில் விழுந்தாள். காலின் முன்னெலும்பில் மரம் உரசி, சிவந்து வீங்கியது. ரத்தம் இல்லை. ஈரத்துணி வைத்து, தலைமையாசிரியரிடம் சொல்லி, வீட்டுக்கும் தெரிவித்தோம்.

மறுநாள் அவள் அம்மா வந்தார். “புள்ளக்கி காலு வீங்கிருக்கு சார். ஓடுனா ஓடட்டும், இந்தப் பொட்டி வேண்டாமே.” அவர் கோபமாகப் பேசவில்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. வீக்கம் வடியும்வரை ஓட்டம் கூடக் கிடையாது, அதன் பிறகும் அவள் தானாகக் கேட்டால்தான் பெட்டி என்று சொல்லி அனுப்பினேன்.

நின்றுபோன ஓட்டம்

அடுத்த வாரமே அவள் திரும்பி வந்தாள். தானாகக் கேட்டாள். அப்போதுதான் உண்மையான பிரச்சினை தொடங்கியது. கோட்டிலிருந்து ஓடிவருவாள், போர்டுக்கு முக்கால் மீட்டர் முன்னால் நின்றுவிடுவாள். ஐந்து முறை ஓடினாள், ஐந்து முறையும் நின்றாள். இரண்டு அடுக்காகக் குறைத்தேன், அப்போதும் அப்படியே.

நான் பயம் என்று முடிவுகட்டினேன். யாருக்கும் தோன்றும் முடிவுதான். விழுந்தவள், நிற்கிறாள். “பயப்படாதேம்மா, நான் இருக்கேன்ல” என்றேன். வேகமாக ஓடு என்றேன். அவள் வேகமாக ஓடினாள், இன்னும் திடீரென்று நின்றாள். ஒருமுறை நிற்க முடியாமல் கையை நீட்டிப் பெட்டியில் மோதிக்கொண்டாள். ‘வேகமாக ஓடு’ என்ற அந்தச் சொல்தான் இந்தக் கதையிலேயே நான் செய்த மோசமான வேலை. நிற்பவளுக்கு வேகத்தைக் கூட்டினால், மோதும் வேகம்தான் கூடும்.

அன்றைக்கு அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “பயமில்ல சார். கால் வர மாட்டேங்குது.”

அந்தச் சொல்லை நான் உடனே எடுத்துக்கொள்ளவில்லை. இரவு சாப்பிடும்போதுதான் திரும்ப நினைவுக்கு வந்தது. மனசு வரவில்லை என்று அவள் சொல்லவில்லை. கால் வரவில்லை என்றாள். விழுவதற்கு முன்பே அவள் குட்டி அடி வைத்துத்தான் வந்தாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது. பயம் வந்த பிறகு தொடங்கிய தடுமாற்றம் அல்ல அது.

கோலமாவில் தெரிந்தது

மறு வகுப்பில், போர்டுக்கு முன்னால் ஆறு மீட்டர் நீளத்துக்குக் கோலமாவை மெல்லிய பூச்சாகத் தூவினேன். மண்தரை என்பதால் இது முடிந்தது. சிமெண்டுத் தரையில் மாவு வழுக்கும், அங்கே செய்யக் கூடாது. பெட்டியை எடுத்துவிட்டு, போர்டில் ஏறிக் குதித்து மேட்டில் இறங்குவது மட்டும் என்று சொல்லி ஒவ்வொருவராக ஓடவிட்டேன். ஒருவர் ஓடியதும் டேப் வைத்து அடி இடைவெளியை அளந்து, மாவைக் கூட்டிச் சமன்செய்துவிட்டு அடுத்தவர்.

அவளுடைய கடைசி ஐந்து இடைவெளிகள் இவை: 1.15 மீட்டர், 1.10, 0.80, 0.45, 0.40. முதல் இரண்டும் நல்ல ஓட்டம். மூன்றாவதிலேயே அவள் கண் போர்டைப் பார்த்து, கால் எட்டாது என்று கணக்குப் போட்டுவிட்டது. கடைசி இரண்டும் ஓட்டமே இல்லை, இடம் பார்த்தல். நான் கோட்டைப் போட்ட 12 மீட்டர் அவளுடைய காலடிக்குப் பொருந்தவில்லை. முழு அடிகளில் வந்தால் கடைசியில் அரை அடி மிஞ்சும். அந்த அரை அடியை ஈடுகட்டத்தான் குட்டிக் குட்டியாக வைத்தாள். போதாததற்கு, ஒரு முறை இடது காலில் தொடங்கினாள், அடுத்த முறை வலது காலில். அதனால் ஒவ்வொரு முறையும் போர்டுக்கு முன்னால் வேறு கால் வந்தது. உந்த வேண்டிய கால் எது என்று கடைசி நொடியில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. முடியாதபோது நின்றாள்.

கால் தட்டிய நாளுக்கும் இதிலேயே விளக்கம் இருந்தது. குட்டி அடி வைத்தால் வேகம் போய்விடும். வேகமில்லாமல் போர்டில் ஏறுபவள் கால்களை உடம்புக்கு முன்னால் கொண்டுபோய்ப் பதிக்க மாட்டாள், உடம்புக்கு நேர்கீழே பதிப்பாள். அப்போது போர்டு அவளை மேலே தூக்காது, உடம்பு அப்படியே முன்னால் சாயும். இடுப்பு எழாது. இடுப்பு எழாவிட்டால் முழங்காலை எவ்வளவு மடக்கினாலும் கால்விரல் பெட்டியைத் தாண்டாது. ‘முழங்காலை இன்னும் மடக்கு’ என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். தவறு நடந்தது போர்டுக்கு முன்னால், திருத்தச் சொன்னது பெட்டிக்கு மேலே. 40 செ.மீ. இடைவெளியும் சேர்ந்து கெடுத்தது. இடுப்பு எழுந்து வர இடமில்லாமல் பெட்டியோடு ஒட்டி எழும்ப வேண்டியிருந்தது.

மற்றவர்களின் மாவையும் பார்த்தேன். 14 பேரில் 9 பேருக்குக் கடைசி அடிகள் இதேபோலச் சுருங்கியிருந்தன. நல்லபடியாகத் தாண்டிய ஐந்து பையன்களிலும் இரண்டு பேருக்கு அப்படித்தான். கைபலத்தில் தாண்டியிருக்கிறார்கள்.

முடிவு: பெட்டி உள்ளே போனது

ஐந்தாவது வாரத்திலிருந்து இரண்டு வாரம் பெட்டியைக் கிடங்கில் வைத்துப் பூட்டினேன். பிள்ளைகளுக்கு ஏமாற்றம். ஒருத்தன் “தண்டனையா சார்?” என்றே கேட்டான். பெட்டி கண்ணெதிரே இருந்தால் கண் பெட்டிக்கே போகும், காலைக் கவனிக்காது. அதனால்தான் பெட்டியை அகற்றுவது என்ற முடிவு, அடுக்கைக் குறைத்து வைப்பது அல்ல.

முதலில் ஒற்றைக் காலிலிருந்து இரண்டு காலுக்கு மாறும் அந்த ஒரு தாவல் மட்டும். தரையில் ஒரு சதுரம் வரைந்து, மூன்று அடி நடந்து, உந்தி, இரண்டு காலும் சதுரத்தில். நடை, பிறகு மெது ஓட்டம். தாவல் நீண்டு தாழ்வாகப் போக வேண்டும், உயர எழும்பக் கூடாது. உயர எழுந்தால் ஓடிவந்த வேகமெல்லாம் கீழ்நோக்கி இறங்கி, போர்டில் குத்தி நின்றுவிடும். கை பின்னாலிருந்து கீழாக வீசி, கால் பதியும்போது முன்னால் வந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு தவறு செய்தேன். தாவல் நீளட்டும் என்று சதுரத்துக்கு முன்னால் ஒரு செங்கல்லை வைத்தேன். எல்லாரும் அதைத் தாண்ட உயரமாக எழும்பினார்கள். போர்டுக்குப் போனபோது ‘தொம்’ என்று குதித்தார்கள். ஒரே வகுப்பில் செங்கல்லை எடுத்துவிட்டுத் தரையோடு தரையாக இரண்டு கயிறு போட்டேன், நடுவே ஒரு மீட்டர். “இது வாய்க்கால். ஆனா இந்த வாய்க்கால்ல ரெண்டு காலும் ஒண்ணா அந்தக் கரையில பதியணும்” என்றேன். சிரித்தார்கள், ஆனால் புரிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு அந்தத் தாவலுக்கு எங்கள் வகுப்பில் ‘வாய்க்கால்’ என்றே பேர். நான் மேலே சொன்ன பையன்தான் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வான் என்று நினைத்தேன். இல்லை, அவன்தான் கடைசி. அவனுக்கு வாய்க்கால் என்றால் ஒற்றைக் கால்.

அவனுக்கு உதவியது காது. போர்டில் இரண்டு கால் ஒன்றாகப் பதிந்தால் ஒரே ‘டப்’. முன்பின்னாகப் பதிந்தால் ‘ட-டப்’. கண்ணுக்கு அந்த வித்தியாசம் எளிதில் தெரியாது, காதுக்குத் தெரியும். அவனைப் போர்டுக்கு முதுகைக் காட்டி உட்காரவைத்து, மற்றவர்கள் குதிக்கும்போது ‘ஒண்ணு’, ‘ரெண்டு’ என்று சொல்லச் சொன்னேன். பத்துப் பேருக்குச் சொன்ன பிறகு அவனே ஓடினான். ஓடி முடித்து என்னைப் பார்ப்பதற்குள், “ரெண்டு சார்” என்று அவனே சொல்லிவிட்டான். தவறைத் தானே கேட்கத் தொடங்கியதும் மூன்றே வகுப்பில் ‘ஒண்ணு’ ஆகிவிட்டது.

ஆளுக்கொரு செங்கல்

இதற்குத்தான் அதிக நேரம் போனது, பலன் தந்ததும் இதுவே. ஒவ்வொருவரும் தங்கள் ஓட்டத்தைத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். முறை இதுதான். போர்டின் உயர்ந்த மேல் விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, கால் பதிய வேண்டிய இடத்தைச் சுண்ணாம்பில் குறித்தோம். அந்தக் குறிக்கு நேராகத் தரையில், போர்டுக்குப் பக்கத்தில் நின்று, மேட்டுக்கு முதுகைக் காட்டி, ஓடிவரும் திசைக்கு எதிராக ஓட வேண்டும். ஏழு அடி இயல்பாக ஓடி, எட்டாவதாக அந்த ‘வாய்க்கால்’ தாவல். இரண்டு காலும் பதிந்த இடத்தை ஒரு கூட்டாளி குச்சியால் கீறுவான். இப்படி மூன்று முறை ஓடி, மூன்று கீறலில் நடுவில் இருப்பதை எடுத்துக்கொண்டோம். அங்கே ஒரு செங்கல் துண்டு, அதன்மேல் அவரவர் குறி.

எந்தக் காலில் தொடங்குவது என்பதும் அப்போதே தீர்ந்துவிட்டது. ஏழு ஒற்றைப்படை எண். முதல் அடி இடது காலில் விழுந்தால் ஏழாவது அடியும் இடது காலில்தான் விழும், அந்தக் காலில் உந்திப் போர்டுக்குப் போகலாம். ஆக, உந்துவதற்கு எந்தக் கால் பழக்கமோ அந்தக் காலின் அடியை முதலில் வைத்தால் போதும். வழியில் எண்ண வேண்டாம், தீர்மானிக்க வேண்டாம்.

அவளுடைய செங்கல் 9.10 மீட்டரில் நின்றது. என் கோட்டைவிட ஏறக்குறைய மூன்று மீட்டர் குறைவு. நீளம் தாண்டும் பையனுக்கு 10.40. ஒருவருக்கும் 12 வரவில்லை. யாருக்கும் பொருந்தாத அளவை எல்லாருக்கும் போட்டிருந்தேன்.

செங்கல்லிலிருந்து ஓடிவந்து சரிபார்த்தபோது சிலருக்கு ஒரு கையளவு முன்பின்னாக வந்தது. போர்டை எட்டாமல் நீட்டிப் பிடித்தால் செங்கல்லை அந்த அளவுக்கு முன்னால் நகர்த்தினோம், போர்டுக்குள் மிதமிஞ்சி ஏறினால் பின்னால் நகர்த்தினோம். நகர்த்த வேண்டியது செங்கல்லைத்தான், ஓட்டத்தை அல்ல. இதைப் பிள்ளைகளிடம் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது. கடைசி அடியில் சரிக்கட்டும் பழக்கம் அவ்வளவு ஆழமாக இருந்தது.

மறுபடி கோலமாவு. அவளுடைய கடைசி ஐந்து இடைவெளிகள் இப்போது: 1.05, 1.10, 1.15, 1.15, பிறகு 1.30 மீட்டர் தாவல். எங்கேயும் சுருங்கவில்லை.

பெட்டி திரும்பி வந்தபோது

ஏழாவது வாரம் இரண்டு அடுக்கு. போர்டுக்கும் பெட்டிக்கும் இடையே 75 செ.மீ. முதலில் குத்துக்காலிட்டு ஏறுவது மட்டும். கை தோளகலம், விரல்கள் முன்னோக்கி, கண் பெட்டியைத் தாண்டி எதிரே உள்ள வேப்பமரத்தில். கையைப் பார்த்தால் தலை கவிழும், தலை கவிழ்ந்தால் தோள் கைகளைத் தாண்டி முன்னால் போய்விடும்.

அவள் முதல் ஓட்டத்தில் நிற்கவில்லை. ஏறிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. “சரி, இறங்கு” என்றேன்.

ஏறுவதிலிருந்து தாண்டுவதற்குப் போகும்போது ஒன்றே ஒன்றுதான் சேர்கிறது: கை பெட்டியைத் தள்ளி விடுபட வேண்டும். கால் கைகளின் கோட்டை அடையும்போது கை அங்கே இருக்கக் கூடாது. ஏறி உட்காரும் பயிற்சியை அதிக நாள் செய்தால் கை பெட்டியிலேயே ஒட்டிக்கொள்ளும் பழக்கம் வந்துவிடும் என்பதையும் பார்த்தேன். இரண்டு பேர் கையை எடுக்காமலேயே முழங்காலைக் கொண்டுவந்து, பெட்டிமேல் முக்காலி போட்டதுபோல் நின்றார்கள். அவர்களுக்குத் தரையில் முயல்தாவல் போட்டோம். கையைத் தரையில் ஊன்றி, தள்ளி எடுத்து, அதற்குப் பிறகே கால் பதிய வேண்டும். இங்கேயும் காது: கை கிளம்பும் சத்தம் முதலில், கால் விழும் சத்தம் பின்னால்.

எட்டாவது வாரம் மூன்று அடுக்கு. இரண்டு பக்கமும் மேற்கையில் பிடி. நான்கு முறைக்குப் பிறகு பிடி தளர்ந்து, கை மட்டும் அருகில். அவள் அதே நாளில் பிடியில்லாமல் தாண்டினாள். முழங்காலை வளைத்து, கையை முன்னால் நீட்டி, இரண்டு காலில் இறங்கி நின்றாள். ஒரு பையன் கைதட்டத் தொடங்கி, யாரும் சேராததால் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

ஒரு நாளைக்கு ஒருவருக்குப் பத்துத் தாண்டலுக்கு மேல் கிடையாது என்றும் வைத்தேன். அதற்கு மேல் போனால் போர்டில் சத்தம் மாறும். கால் களைத்தால் முதலில் கெடுவது அந்த ‘டப்’தான்.

நான்கு அடுக்கு: விளக்கம் பொருந்தாத இடம்

ஒன்பதாவது வாரம் ஒரு மீட்டர் உயரம். அவள் மறுபடி நின்றாள். எனக்கு இப்போது ஒரு விளக்கம் கையில் இருந்ததால் உடனே கோலமாவைத் தூவினேன். அடிகள் சரியாக இருந்தன. சுருக்கம் இல்லை, செங்கல் சரியான இடத்தில். கடைசித் தாவலுக்கு முன்னால் முழு அடி வைத்து, அங்கே நின்றாள். கேட்டேன். “உசரமா இருக்கு சார்” என்றாள்.

இது பயம்தான். இதை ஓட்டத்தால் தீர்க்க முடியாது. நான்கு அடுக்கில் ஏறி உட்காருவது மட்டும், தாண்டுவது மூன்று அடுக்கில் என்று பிரித்துக் கொடுத்தேன். பருவம் முடியும்வரை அவள் நான்கு அடுக்கைத் தாண்டவில்லை. தாண்ட வைக்கவும் முயலவில்லை. முன்பு ஓட்டப் பிழையைப் பயம் என்று படித்தவன், இப்போது பயத்தை ஓட்டப் பிழை என்று படித்துவிடக் கூடாது. இரண்டையும் பிரித்துக் காட்டியது கடைசி மூன்று அடிகளின் இடைவெளி. அடி சுருங்கி நின்றால் ஓட்டத்தைப் பார். அடி முழுதாக வந்து நின்றால் பிள்ளையைக் கேள்.

பருவ முடிவில்

காலாண்டுத் தேர்வுக்கு முன் 14 பேரில் 11 பேர் மூன்று அடுக்கைப் பிடியில்லாமல் தாண்டினார்கள். அவர்களில் 6 பேர் நான்கு அடுக்கையும். இருவருக்கு மூன்று அடுக்கில் இன்னும் பிடி தேவைப்பட்டது. ஒரு பையன் நடுவில் கபடிக்குப் போய்விட்டான். கால் தட்டிய நாளுக்குப் பிறகு யாருக்கும் அடிபடவில்லை.

எதிர்பாராத ஒன்று, அதையும் பதிந்துவைக்கிறேன். நீளம் தாண்டும் பையன் நான்கு அடுக்கை அழகாகத் தாண்டினான். ஆனால் செப்டம்பர் தொடக்கத்தில் மணல்குழிக்குப் போனபோது, ஓடிவந்து பலகையில் இரண்டு காலையும் சேர்த்துப் பதித்து எழும்பினான். நீளம் தாண்டுதலில் அப்படி எழும்பினால் ஓடிவந்த வேகம் வீணாகும். அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். ஆனால் ஒரு வாரம் ஆனது பழைய கால் திரும்ப. இரண்டையும் ஒரே நாளில் பழகவிடக் கூடாது என்று அப்போது வைத்தேன்.

மாற்றிச் செய்வது

அடுத்த வருடம் பெட்டியை முதல் இரண்டு வாரம் கிடங்கிலிருந்து எடுக்கவில்லை. முதல் நாள் வகுப்பே செங்கல்லில்தான் தொடங்கியது. கோலமாவை யாராவது நின்ற பிறகு தூவுவதில்லை, எல்லாருக்கும் மூன்றாவது வகுப்பிலேயே தூவுகிறேன். பொதுக்கோடு கிடையாது. போர்டுக்கும் பெட்டிக்கும் 75 செ.மீ.யில் தொடங்கி, வேகம் கூடுபவர்களுக்கு மட்டும் சற்று விலக்குகிறேன்.

அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. முதல் நாள் வந்ததும் தன் பழைய செங்கல்லைத் தேடி எடுத்து, 9.10இல் வைத்து ஓடினாள். போர்டுக்குள் மிதமிஞ்சி ஏறினாள், கால் போர்டின் மேல் விளிம்புக்கே போய்விட்டது. ஒரு வருடத்தில் வளர்ந்திருக்கிறாள். மறுபடி போர்டுக்கு முதுகைக் காட்டி மூன்று முறை ஓடி, கீறலைப் பார்த்து, தானே செங்கல்லை 9.45க்கு நகர்த்தினாள். பருவம் தொடங்கும்போதெல்லாம் எல்லாருக்கும் புதிதாக அளக்க வேண்டும் என்பதை அன்று மாலை டைரியில் எழுதினேன்.